பின்னணி நீக்கப்பட்டது

மஞ்சள் சுவரில் மூன்று பேரும் மிதக்க வேண்டும் என்றுதான் குடை அக்கா வந்து கேட்டார்.

"மிதக்கணும்னா எப்படிக்கா?" என்றேன்.

"படத்துக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆளு மட்டும். சுத்தி என் சுவர் தெரியணும். புதுக் கடைக்கு மஞ்சள் அடிச்சிருக்கேன், பார்த்தியா இல்லையா?"

பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிற மஞ்சள் அது. எதிர்ச்சாரியில் இருக்கும் பல் டாக்டர் தன் ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார் என்று கேள்வி.

அக்காவுக்கு இரண்டு தம்பிகள். பெரியவர், சின்னவர் என்றுதான் கடைத்தெரு முழுக்கக் கூப்பிடும். அப்பா காலத்தில் ஒரே குடைக்கடை. அப்பாவுக்குப் பிறகு நடுவில் ஒரு சுவர் எழும்பி இரண்டு கடை ஆனது. அக்கா இரண்டு கடைக்கும் துணி தைத்து, கம்பி கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது தெருமுனையில் சொந்தமாகக் கடை திறக்கிறார். வெள்ளிக்கிழமை காலை திறப்பு.

"மூணு பேரும் ஒண்ணா வந்து உட்காருங்களேன். ஒரே கிளிக். வெட்டவும் வேண்டாம், மிதக்கவும் வேண்டாம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் இந்தத் தெருவில் நான் எப்படித்தான் பிழைத்தேன் என்ற சந்தேகம் இருந்தது.

"அதுங்க ரெண்டும் ஒரே ரூம்ல உட்காருமா? ஆறு வருஷமா ஒருத்தன் குடையை விரிச்சா இன்னொருத்தன் மடக்கறான். அவனவன் வீட்ல அவனவனே போட்டோ எடுத்து போன்ல அனுப்புவான். நீ வெட்டி மாட்டு. சுவத்துலயாவது ஒண்ணா இருக்கட்டும்."

சண்டை பணத்துக்கு இல்லை. அதுவாக இருந்திருந்தால் தெருவே உட்கார்ந்து ஒரு மதியத்தில் பேசி முடித்திருக்கும். சண்டை ஒரு பலகைக்கு. அப்பா கடை வாசலில் மரத்தில் செய்த ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. விரித்த குடை வடிவம், சிவப்பு வண்ணம், ஒரு கதவு அகலம். அதில் எட்டுக் கம்பிகள் வரைந்திருக்கும். ஏழு கம்பி நேராக இருக்கும், எட்டாவது மட்டும் குடித்துவிட்டு வந்த மாதிரி வளைந்திருக்கும். அதை வரைந்தது சின்னவர், பத்து வயதில். கடையைப் பிரித்த அன்று அந்தப் பலகை காணாமல் போனது. "விறகுக்கு வித்துட்டான்" என்றார் சின்னவர். "நான் பார்க்கவே இல்லை, அவனையே கேளுங்க" என்றார் பெரியவர். அன்றிலிருந்து பேச்சு கிடையாது.

"சின்னவன் சொல்லிட்டான்" என்றார் அக்கா, குரலை இறக்கி. "பலகை என் கைக்கு வராம அந்த ஆளு காலடி வைக்கற இடத்துல நான் காலடி வைக்க மாட்டேன்னுட்டான். நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்ததுங்க. என் கடை திறக்கற அன்னிக்கு ஒண்ணு வந்தா இன்னொண்ணு வராது. நான் யாரைக் கூப்பிடறது, சொல்லு?"

மிதக்கும் படத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. அல்லது இருப்பதாக நினைத்தேன்.

உண்மையில் பதில் தெரிந்தவள் என் மனைவி. ஸ்டூடியோவில் நான் வாய், அவள் கை. கணினியில் உட்கார்ந்து ஆளை முடிமுடியாகப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் தெருவில் அவளுக்குக் கத்தரி என்றே பெயர். எனக்கும் ஒரு பெயர் உண்டு. அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

"அக்கா, காகிதம் கண்ணாடி இல்லை" என்றாள் கத்தரி. "நான் ஆளை வெட்டி எடுத்தா, பின்னாடி ஒண்ணும் இல்லைன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. ஒண்ணும் இல்லாத இடத்துல மெஷின் மை போடாது, அவ்வளவுதான். மை போடலைன்னா காகிதம் என்ன நிறமோ அதுதான் தெரியும்."

"அப்போ மஞ்சக் காகிதத்துல போடு."

இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் குடை அக்கா பேர்போனவர். கத்தரி அங்கேயே அக்காவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, வெட்டி, கடையில் இருக்கும் சின்ன பிரிண்டரில் ஒரு மஞ்சள் தாளைச் செருகி அடித்து நீட்டினாள்.

சுற்றிலும் அழகான மஞ்சள். அக்கா போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் மஞ்சள். சிரித்த பல்லும் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

"ஐயையோ, எனக்கு மஞ்சக்காமாலையா?"

"பிரிண்டர்ல வெள்ளை மைன்னு ஒண்ணு கிடையாதுக்கா. வெள்ளை வேணும்னா மெஷின் காகிதத்தைச் சும்மா விட்டுடும். காகிதம் வெள்ளையா இருக்கற வரைக்கும்தான் அந்தத் தந்திரம் செல்லும்."

அக்கா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீண் என்று எதையும் விட்டுப்போகிற குடும்பம் இல்லை அது. கடைசியில் பேரம் வெள்ளையில் முடிந்தது. ஆளுக்கு இரண்டடி உயரத்தில் ஒரு படம், வெள்ளைப் பின்னணி, மூன்றும் ஒரே மாதிரிச் சட்டத்தில். அவ்வளவு பெரிய படத்தை எங்கள் கடையில் அடிக்க முடியாது. பெரிய ஊரில் இருக்கும் போட்டோ லேபுக்கு இணையம் வழியாக அனுப்பினால் மறுநாள் மதியம் வண்டியில் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை கத்தரி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு நாள் பயணம்தான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"குடை அக்கா படத்தை வெட்டி வெச்சிருக்கேன். தம்பிங்க படம் வந்தா நான் வந்து அனுப்பறேன். நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. செஞ்சே ஆகணும்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

முப்பது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? போன் பண்ணக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவெடுத்தேன்.

பெரியவருக்கு நானே யோசனை சொல்லியிருந்தேன். "வீட்ல நல்ல வெளிச்சம் வர்ற ஜன்னலைப் பார்த்து நில்லுங்க. வேற எதையும் பத்திக் கவலைப்படாதீங்க" என்று. பதினோரு மணிக்கு அவர் படம் வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, போன்லயே ஒரு செயலி இருக்கு. பின்னணி நீக்குன்னு ஒரு பொத்தான். அமுக்கினேன், போயிடுச்சு. நான் மட்டும்தான் இருக்கேன். உனக்கு வேலை மிச்சம்."

பன்னிரண்டு மணிக்குச் சின்னவர் படம் வந்தது. அவரும் வெட்டியே அனுப்பியிருந்தார். அண்ணன் தம்பி பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் செய்வது மட்டும் ஒன்றாகவே செய்வார்கள்.

நான் மூன்றையும் கணினியில் வரிசையாகத் திறந்து வைத்தேன். அக்கா, பெரியவர், சின்னவர். மூன்று பேருக்கும் பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். கணினி 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்கு அந்தக் கட்டங்களைத்தான் காட்டும். அது கூடத் தெரியாதவனா நான்? மூன்றிலும் கட்டம் இருக்கிறது, ஆக மூன்றிலும் ஒன்றும் இல்லை. வேலை முடிந்தது.

லேபின் இணையப் பக்கத்தில் படத்தை ஏற்றினேன். ஏற்கவில்லை. 'ஜே.பி.ஜி. மட்டும்' என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. என்னிடம் இருந்தவை பி.என்.ஜி. சரி, பெயரில்தானே தகராறு என்று இணையத்தில் தேடினேன். 'ஒரே அழுத்தில் நூறு படம் மாற்றலாம்' என்று ஒரு இலவச மென்பொருள் கிடைத்தது. நூறு மாற்றுகிறவன் மூன்று மாற்ற மாட்டானா? மாற்றினான். திறந்து பார்க்காமல் அப்படியே அனுப்பினேன். பிறகு ஒரு டீ குடித்தேன். அந்த டீ எவ்வளவு நன்றாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

புதன்கிழமை மதியம் லேப் வண்டி பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போனது. கத்தரி காலையிலேயே திரும்பியிருந்தாள். நான் மாப்பிள்ளை முறுக்கோடு உறையைப் பிரித்தேன்.

முதல் படம் அக்கா. அக்காவுக்குப் பின்னால் தார் ஊற்றியது போல் கன்னங்கரேல் என்று இருட்டு. தலைமுடி ஓரம் முழுக்க எலி கடித்த மாதிரி பிசிறு.

இரண்டாவது சின்னவர். அவருக்குப் பின்னால் சாம்பலும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, இரண்டடி உயரத்துக்கு. சதுரங்கப் பலகை நடுவில் ஒரு குடை வியாபாரி முளைத்திருந்தார். அவருடைய சட்டையும் கட்டம் போட்டது என்பதால் எங்கே சட்டை முடிகிறது, எங்கே ஒன்றுமில்லாமை தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

மூன்றாவதை எடுத்தேன்.

பெரியவருக்குப் பின்னால் வெள்ளை இல்லை, கறுப்பு இல்லை, கட்டமும் இல்லை. அவர் வீட்டு உள்ளறை இருந்தது. மடித்த போர்வை, மேசை விசிறி, அலமாரி. சுவரில், அவர் தலைக்கு மேலே, சிவப்பாக, பளபளவென்று துடைத்து, விரித்த குடை வடிவில் அப்பா கடைப் பலகை. எட்டாவது கம்பி வளைந்தபடியே இருந்தது.

"ஏம்மா" என்றேன். "இது அவர் நீக்கினது ஆச்சே!"

கத்தரி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கணினியில் அந்த இலவச மென்பொருளின் சின்னத்தைப் பார்த்தாள்.

"போன் பண்ணச் சொன்னேனா இல்லையா?"

"அதை விடு. லேப்காரன் ஏதோ குளறுபடி பண்ணிட்டான்."

லேபுக்கு அழைத்தேன். எதிர்முனையில் ஆள் அவசரமே இல்லாமல் பேசினார். "வந்ததைத்தான் சார் அடிக்கிறோம். எங்க காகிதத்துல வெளிச்சம் படாத இடம் வெள்ளை, முழுக்கப் பட்ட இடம் கறுப்பு. உங்க ஃபைல் கறுப்புன்னு சொல்லுச்சு, கறுப்பு அடிச்சோம். கட்டம்னு சொல்லுச்சு, கட்டம் அடிச்சோம். ஒண்ணுமில்லைன்னு சொல்ற ஃபைல் எங்ககிட்ட வராது சார். அதுக்குத்தான் ஜே.பி.ஜி. கேக்கறோம். ஒரு விஷயம், அந்தச் சிவப்புக் குடை ரொம்ப நல்லா வந்திருக்கு."

போனை வைத்தேன். கத்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்குப் பாடம் நடத்தும்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தை வேறு எப்போதும் பார்க்க முடியாது.

"பி.என்.ஜி.ல ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம்னு எழுதியிருக்கும். கூடவே, இந்தப் புள்ளி தெரியணுமா வேண்டாமா, எவ்வளவு தெரியணும்னு இன்னொரு கணக்கும் இருக்கும். ஜே.பி.ஜி.ல அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. நான்னா என்ன செய்வேன்? அடியில ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, ஆளை அது மேல ஒட்டி, ரெண்டையும் ஒண்ணாக்கி அப்புறம் மாத்துவேன். உங்க இலவச ஆசாமி என்ன பண்ணினான்? தெரியணுமா வேண்டாமாங்கற கணக்கைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டான். அடியில என்ன நிறம் இருந்துச்சோ அது வெளியில வந்துடுச்சு."

"அக்காவுக்கு ஏன் கறுப்பு?"

"நம்ம மென்பொருள் அழிச்ச இடத்துல எல்லாம் சுழியம் எழுதி வைக்கும். சுழியம்னா கறுப்பு. முடி ஓரத்துல பாதி தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கணும், அந்தப் பாதியும் போச்சு, அதான் பிசிறு."

"சின்னவர்?"

"அவர் எதையுமே நீக்கலை. நீக்கினதைத் தரவிறக்கச் செயலி காசு கேட்டிருக்கும். மனுஷன் திரையை அப்படியே படம் பிடிச்சு அனுப்பிட்டாரு. இது கட்டம் இல்லைங்க, கட்டத்தோட போட்டோ."

"பெரியவர்?"

கத்தரி குரலைத் தணித்தாள். "அவரோட செயலி எதையும் அழிக்கலை. அறையை அப்படியே வெச்சுட்டு, 'இதைக் காட்டாதே'ன்னு மட்டும் எழுதிட்டுது. எல்லாச் செயலியும் அப்படி இல்லை, சிலது அப்படி. அவர் நீக்கினதா நினைச்சாரு. போர்வைதான் போர்த்தியிருந்துச்சு."

ஆறு வருஷமாகத் தெருவே தேடிய பலகை என் மேசை மேல் மல்லாந்து கிடக்கிறது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தச் சரக்கை எங்கே கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று ஒரு நொடியில் ஓடியது. அக்காவிடம் காட்டினால் கடை திறப்புக்கு முன்னால் ஒரு தம்பி காலி. சின்னவரிடம் காட்டினால் கடைத்தெருவே காலி.

"யார்கிட்டயும் காட்டக் கூடாது" என்றாள் கத்தரி. "அது அவர் மறைச்சது. நம்மளை நம்பி முகத்தைக் கொடுத்தாரு, முதுகை நாம விக்கக் கூடாது. அவரையே கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். "உங்க படம் வந்திருக்கு. நீங்க மட்டும் வாங்க" என்றேன். என் குரலில் இருந்ததைப் புரிந்துகொண்டு, கல்லாவைப் பூட்டாமலே ஓடி வந்தார்.

படத்தைப் பார்த்ததும் பெரியவருக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"நான் நீக்கினேனே! திரையிலேயே எழுதிக் காட்டுச்சே, பின்னணி நீக்கப்பட்டதுன்னு!"

"நீக்கலைங்க. மறைச்சுது" என்றாள் கத்தரி.

"இது எப்படி வெளிய வந்தது?"

"இவரு போர்வையை உருவிட்டாரு" என்று என்னைக் காட்டினாள். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியம்.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"பிரிச்ச அன்னிக்குச் சின்னவன் ஒரு வார்த்தை சொன்னான். 'இந்த ஓட்டைப் பலகையை விறகுக்குப் போடலாம்'னு. கோபத்துல சொன்னான்னு இப்போ தெரியுது. அன்னிக்கு எனக்கு அப்படித் தோணலை. அப்பா கையால செஞ்சதாச்சே, போட்டுடுவானோன்னு பயந்து தூக்கிட்டுப் போயிட்டேன். மறுநாள் அவனே வந்து 'நீதான் வித்துட்டே'ன்னு தெருவுல நின்னு கத்தினான். நான் ரோஷத்துல பார்க்கவே இல்லைன்னுட்டேன். ஒரு நாள் சொன்ன பொய்யை மறுநாளே மாத்தியிருக்கலாம். ஆறு வருஷம் கழிச்சு எப்படி மாத்தறது? எங்க வீட்ல அந்த ஒரு ஜன்னல்லதான் வெளிச்சம் நல்லா வரும். நீதானே தம்பி ஜன்னலைப் பார்த்து நிக்கச் சொன்னே?"

குற்றம் இப்போது மெல்ல என் பக்கம் நகர்வதைக் கவனித்தேன்.

"கவலையே வேண்டாம்" என்றாள் கத்தரி. "இன்னிக்குச் சாயங்காலம் வெள்ளை போட்டு ஒழுங்கா அனுப்பறேன். நாளைக்கு மதியம் வந்துடும். இதை இங்கேயே கிழிச்சுடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

பெரியவர் படத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்தார். கிழிப்பதற்கு வாகாகத்தான் பிடித்தார். கிழிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் குடை அக்காவின் குரல் கேட்டது. "போட்டோ வண்டி வந்துட்டுப் போச்சாமே!" பின்னாலேயே சின்னவர். "எனக்கு வேலை இருக்குக்கா, பார்த்துட்டு உடனே போயிடுவேன்."

பெரியவர் படத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் மேல் கைக்குட்டையை விரித்தார். இரண்டடிப் படத்தின் மேல் ஒரு கைக்குட்டை.

உள்ளே வந்த சின்னவர் அண்ணனைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றார். திரும்பிப் போயிருப்பார். ஆனால் அதற்குள் அக்கா மேசை மேலிருந்த படத்தை எடுத்துவிட்டார்.

"டேய்! இது என்னடா கோலம்?"

சின்னவர் தன் படத்தைப் பார்த்தார். கட்டத்துக்குள் கட்டமாகத் தான் கரைந்து போயிருப்பதைப் பார்த்தார். "என்ன இது?" என்று என்னிடம் பாய்ந்தார். "நான் வெட்டித்தானே அனுப்பினேன்?"

"நீங்க வெட்டலை சார். வெட்டறதுக்கு முன்னாடி காட்டின மாதிரியைத் திரையோட படம் பிடிச்சு அனுப்பிட்டீங்க. காசு மிச்சம்" என்றேன்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. முதலில் பிரிண்டரில்தான் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். பெரியவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் விட்ட சத்தம் அது.

"என்ன சிரிப்பு?" என்றார் சின்னவர். ஆறு வருஷத்தில் அண்ணனிடம் பேசிய முதல் சொல்.

"இல்லை... குதிரையை எங்கே நிறுத்தறதுன்னு பார்த்தேன். நடுவுல உன் மூஞ்சி இருக்கே."

அக்காவும் சிரித்துவிட்டார். கத்தரி கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். சின்னவர் முகம் சிவந்தது.

"என் படத்தைப் பார்த்துச் சிரிச்சாச்சு இல்லை? உன் படத்தைக் காட்டு. மடியில என்ன மறைக்கறே? அப்படி என்ன அழகு வந்திருக்குன்னு நாங்களும் பார்க்கறோம்."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் கத்தரியைப் பார்த்தார். கத்தரி தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்றா, உங்கள் இஷ்டம் என்றா தெரியவில்லை. பெரியவர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். ரொம்ப நிதானமாக மடித்தார். பிறகு படத்தைத் திருப்பித் தம்பியிடம் நீட்டினார்.

சின்னவர் வாங்கினார். அக்கா எட்டிப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார்.

"துடைச்சிருக்கே" என்றார் சின்னவர் கடைசியில்.

"வாரா வாரம் துடைக்கறேன்."

"வண்ணம் புதுசா அடிச்சிருக்கே."

"போன வருஷம். பழசு உரிஞ்சு போச்சு."

"எல்லாத்தையும் அடிச்சே, அந்த எட்டாவது கம்பியை ஏன் நேராக்கலை?"

"அது நீ வரைஞ்சதுடா."

சின்னவர் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பார்வை தெளிவாக இருக்கட்டும் என்றா, காகிதத்தில் ஈரம் படக் கூடாது என்றா, நான் விசாரிக்கவில்லை. பிறகு சொன்னார்:

"அண்ணே, நீ ஒரு பெரிய திருட்டுப்பய."

அந்த 'அண்ணே'யைக் கேட்டதும் அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை அளக்க என் காமிராவில் எண் கிடையாது. ஆனால் குடை வியாபாரிகள் அப்படியே கட்டிப்பிடித்து அழுதுவிடுவார்கள் என்று நினைத்தால், அவர்களை உங்களுக்குத் தெரியாது. அடுத்த நொடியே பேரம் தொடங்கிவிட்டது.

"பலகை நாளைக்கு என் கடைக்கு வரணும்" என்றார் சின்னவர்.

"ஆறு வருஷம் துடைச்சவன் நான்."

"ஆறு வருஷம் ஒளிச்சவன் நீ. ஆறு வருஷம் எனக்கு."

"மூணு."

"அஞ்சு. மழைக்காலம் எனக்கு."

"மழைக்காலம் இல்லாம குடைப்பலகையை வெச்சு நான் என்னடா பண்றது? வெயிலுக்குக் காட்டவா?"

"நிறுத்துங்கடா!" என்றார் அக்கா. "பலகை என் கடைக்கு வருது. வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல மாட்டறீங்க. ஒருத்தன் வரலைன்னாலும் பலகை கோணலாத்தான் தொங்கும்."

தம்பிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காவிடம் பேரம் பேசி ஜெயித்த ஆள் இதுவரை பிறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"அப்போ வெட்டின படம் எதுக்கு?" என்றாள் கத்தரி. "மூணு பேரும் இங்கேதானே இருக்கீங்க?"

பலகையை எடுத்துவரப் பெரியவர் ஓடினார். தனியாகத் தூக்கினால் வண்ணம் உரசும் என்று சின்னவர் பின்னால் ஓடினார். இருவரும் தெருவில் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, எதிர்ச்சாரி பல் டாக்டர் தன் திரையை விலக்கிப் பார்த்தார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். ஸ்டூடியோவில் மூவரையும் நிறுத்தி, பலகையைத் தலைக்கு மேல் மாட்டி, ஒரே கிளிக். வெட்டல் இல்லை, ஒட்டல் இல்லை.

கத்தரி திரையில் படத்தைக் காட்டினாள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

"என்னக்கா?"

"பின்னாடி உங்க ஸ்டூடியோத் திரை அழுது வடியுது. அதை மட்டும் நீக்கிடேன். என் மஞ்சச் சுவர் தெரியட்டும்."

"அக்கா!" என்று நானும் கத்தரியும் ஒரே குரலில் கத்தினோம்.

ஆனால் அக்கா கேட்டால் கேட்டதுதான். கத்தரி யோசித்தாள். "சுவரே தெரியணும்னா கம்ப்யூட்டரால முடியாதுக்கா. கத்தியாலதான் முடியும்." படத்தைப் பின்னால் இருந்த திரையோடு சேர்த்து அப்படியே ஜே.பி.ஜி.யாகச் சேமித்து, திறந்து ஒரு முறை பார்த்து, என்னையும் கூப்பிட்டுப் பார்க்கவைத்து, லேபுக்கு அனுப்பினாள். வியாழன் மதியம் படம் வந்தது. அதைத் தடித்த நுரைப்பலகையில் ஒட்டி, ஓரமாக வெட்டி எடுக்கும் வேலையை என் தலையில் கட்டினாள். போர்வையை உருவியவன் நான்தானே.

அக்காவின் தோளிலிருந்து தொடங்கினேன். பலகையின் வளைவு, எட்டாவது கம்பியின் கோணல், பெரியவரின் காது, எல்லாம் கத்தியின் நுனியில் சுற்றி வந்தேன். கடைசியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் இருக்கும் திரையை வெட்டி எடுக்க வேண்டும் என்று கத்தியைக் கொண்டுபோனேன். அங்கே திரையே தெரியவில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். மழைக்காலம் யாருக்கு என்ற பேச்சு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு இருவர் வாயும் சாட்சி. அந்த இடத்தில் கத்திக்கு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் சுவரில் மூவரும் மிதந்தார்கள். பல் வெள்ளையாக இருந்தது. வாசலில் பலகை நேராகத் தொங்கியது.

கெட்டுப்போன மூன்று படங்களில் பெரியவருடையதைச் சின்னவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்; மற்ற இரண்டையும் நான் குப்பையில் போடப் போனேன். அக்கா விடவில்லை. கறுப்பில் நிற்கும் தன் படத்தைக் கிடங்குக் கதவில் ஒட்டினார், எலி பயப்படும் என்று. சின்னவரின் கட்டப் படம் கல்லா மேசைக்கு விரிப்பானது. மத்தியானம் வியாபாரம் மந்தமானால் அண்ணனும் தம்பியும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, குடைப் பொத்தான்களைக் காய்களாக வைத்து ஆடுகிறார்கள். காய் மூக்கில் ஏறினால் வெட்டு என்பது பெரியவர் போட்ட சட்டம். சின்னவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.